மாதிரி கிராம சபையில் பிள்ளைகள் முரண்படட்டும்

சேலம் மாவட்டத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும், பள்ளி ஆய்வுக்கு வரும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

சேர்வராயன் மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். உள்ளாட்சிப் பாடம் ஆறாம் வகுப்பிலும் வருகிறது, ஒன்பதாம் வகுப்பிலும் வருகிறது. அந்தப் பாடம் வரும்போது நம்மில் பலர் வகுப்பிலேயே மாதிரி கிராம சபை ஒன்றை நடத்திக் காட்டுகிறோம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பார்த்த மாதிரி சபைகளில் பெரும்பாலானவை நாடகமாகவே முடிந்துவிடுகின்றன. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் தலைவர். தோளில் துண்டு போட்ட இன்னொருவன் விவசாயி. "எங்கள் தெருவுக்கு விளக்கு வேண்டும்" என்று அவன் சொல்வான். "ஆவன செய்யப்படும்" என்று தலைவர் சொல்வார். குடிநீர், சாலை, மரம் நடுதல், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும். கைதட்டல், போட்டோ, அறிக்கை. அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளைகூட எதையும் முடிவு செய்திருக்காது. இன்னொரு பிள்ளை சொன்னதைக் கேட்டு ஒருவருடைய மனமும் மாறியிருக்காது. வசனத்தை ஒப்பித்ததோடு சரி.

வசனத்தை எடுத்துவிடுங்கள், பணத்தைக் குறைத்து வையுங்கள் என்பதே நான் உங்களிடம் கேட்பது. மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து தானாக வரும். எப்படி வரும் என்பதை ஒன்பதாம் வகுப்பில் நடத்திய ஒரு சபையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எந்தக் கூட்டத்தை நடத்துவது என்பதில் தெளிவு வேண்டும். ஊராட்சி மன்றக் கூட்டம் வேறு, கிராம சபை வேறு. மன்றம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உட்காரும் கூட்டம். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும். 73-வது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதை அப்படித்தான் வைத்திருக்கின்றன. வகுப்பில் மன்றக் கூட்டத்தை நடத்தினால் ஏழெட்டுப் பேர் பேசுவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கிராம சபை என்றால் வகுப்பில் உள்ள எல்லாருமே உறுப்பினர்கள். அதனால் நான் எப்போதும் கிராம சபையையே எடுத்துக்கொள்கிறேன்.

சொந்த ஊர்ப் பிரச்சினையை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. எங்கள் பள்ளிக்கு ஐந்தாறு குக்கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவர் வீட்டுப் பெரியவர் எஸ்டேட்டில் மேஸ்திரி, இன்னொருவர் வீட்டில் அதே எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறார்கள். உண்மையான தகராறை எடுத்தால் பிள்ளை தன் அப்பாவுக்காகப் பேச வேண்டி வரும். சாயங்காலம் அது வீட்டுக்கும் போய்ச் சேரும். ஆகவே ஊர் கற்பனை. ஆனால் அந்த ஊரின் கஷ்டமும் செலவும் இந்த மலையில் இருப்பவையே.

அந்தக் கற்பனை ஊராட்சியில் ஓடைக்குக் கீழே கீழூர், 110 வீடுகள். மேட்டில் மேலூர், 35 வீடுகள். பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் லைன் வீடுகள் கொஞ்சம். மேலூர்ப் பெண்கள் கோடையில் இறங்கி வந்து சுனையில் தண்ணீர் பிடித்துக் குடத்தோடு ஏறுகிறார்கள். கீழூருக்குப் போகும் மண்பாதையில் ஓடை குறுக்கிடுகிறது. மழை பெய்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, காப்பி மூட்டை ஏற்றும் வண்டியும் இல்லை. இருட்டினால் காட்டெருமை நடமாட்டம் உண்டு. லைன் வீட்டுக்காரர்கள் விளக்கு கேட்கிறார்கள்.

கையில் இருக்கும் பணம் 8 லட்சம். மேலூருக்குக் குழாய் இழுத்து மேல்நிலைத் தொட்டி கட்ட 6.5 லட்சம். கீழூருக்குச் சிறுபாலத்தோடு சிமென்ட் சாலை போட 5 லட்சம். மூன்று இடங்களில் சோலார் விளக்கு வைக்க 1.5 லட்சம். இந்தத் தொகைகள் வகுப்புக்காக நான் போட்டவை. எதைக் கூட்டினாலும் தண்ணீரும் சாலையும் ஒன்றாக 8 லட்சத்துக்குள் அடங்காது. கூட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 13 லட்சம் கொடுத்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் எல்லாரும் ஒத்துப்போய் மணி எப்போது அடிக்கும் என்று பார்ப்பார்கள்.

வீடுகளின் எண்ணிக்கையையும் யோசித்தே வைத்தேன். கைதூக்கி வாக்கெடுத்தால் சாலையே ஜெயிக்கும், ஏனென்றால் கீழூர் மேலூரைப் போல மூன்று மடங்கு பெரியது. பெரும்பான்மை சொல்வதே நியாயமா, தேவை அதிகம் உள்ள சிறுபான்மைக்கு என்ன வழி என்ற கேள்வியை நான் எழுப்பத் தேவையில்லை. மேலூர் அட்டை கிடைத்த பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடத்திலேயே அதை உணர்ந்துவிடுகிறார்கள்.

அட்டை என்றேன் அல்லவா, இந்தப் பாடத்துக்கு நான் அதிக நேரம் செலவழிப்பது அதற்குத்தான். வகுப்பில் 36 பேர். ஒருவர் தலைவர். இருவர் ஊராட்சிச் செயலர்கள். ஒருவர் ஓவர்சியர். ஒருவர் கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வரும் பற்றாளர். மீதி 31 பேர் ஊர்மக்கள்: கீழூர் 20, மேலூர் 7, லைன் வீடுகள் 4. வாக்கு இந்த 31 பேருக்கு மட்டும். இருபக்கமும் சமமாக வந்தால் தலைவர் வாக்களிக்கலாம் என்று வகுப்புக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்.

"நீ ஒரு விவசாயி, உனக்குச் சாலை வேண்டும்" என்று எழுதினால் அந்த அட்டை பயன்படாது. பிள்ளை "சாலை வேண்டும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு காரணங்கள் இருக்க வேண்டும், அவை ஒன்றுக்கொன்று எதிராக இழுக்க வேண்டும். ஓர் அட்டை இப்படி இருந்தது: "நீ கீழூரில் குடியிருக்கிறாய். பிக்கப் வண்டி ஓட்டுகிறாய். ஓடையில் தண்ணீர் வந்தால் வண்டி நிற்கும், தவணை கட்ட முடியாது. உன் அக்காவை மேலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. குடம் தூக்கித் தூக்கி அவருக்கு இடுப்பு வலி." இன்னொன்று: "நீ மேலூரில் இருக்கிறாய். தினமும் தண்ணீர் எடுக்கப் போவது நீதான். உன் மகன் கீழூர் வழியாகப் பள்ளிக்கு நடக்கிறான். போன மழையில் ஓடையில் வழுக்கி விழுந்தான்." இப்படிப்பட்ட அட்டையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை யாரோடு சேருவது என்று யோசித்தே ஆக வேண்டும்.

எல்லா அட்டையும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஐந்தாறு பேருக்கு ஒரே பக்கம் சாயும் அட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் வாக்குவாதத்தைத் தொடங்கி வைக்க ஆள் இருக்காது.

அட்டைகளைக் குடத்தில் போட்டு எடுக்கச் சொல்கிறேன். குடவோலை முறையைப் பிள்ளைகள் பாடத்தில் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்வாக முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. அதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். குலுக்கல் முறையால் வேறொரு நன்மையும் உண்டு. மலைமேல் குக்கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கீழூர் அட்டை வரலாம், எஸ்டேட் எழுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு லைன் வீட்டு அட்டை வரலாம். இது உனக்காக எழுதியது என்று யாரும் யாரையும் சீண்ட முடியாது.

ஓவர்சியர் அட்டைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதில் விலைப்பட்டியல் இருக்கும். மேலே சொன்ன மூன்று வேலைகளின் முழுத் தொகை தவிர, பிரித்துச் செய்தால் ஆகும் செலவும் இருக்கும். சாலை இல்லாமல் சிறுபாலம் மட்டும் என்றால் 3 லட்சம். மேலூர் உச்சி வரை போகாமல், பாதி வழியில் ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் சிறிய மோட்டாரும் வைத்தால் 3.5 லட்சம். அட்டையின் அடியில் ஒரு வரி: "கேட்டால் மட்டும் சொல். கேட்காததைச் சொல்லாதே." தேவையான தகவல் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது, ஆனால் யாராவது கேட்டால்தான் வெளியே வரும்.

இனி அன்றைக்கு நடந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே வகுப்புக் கதவில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது: நாள், நேரம், பொருள் நிரல். உண்மையான சபைக்கும் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் இதை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு வரிசையிலேயே பிள்ளைகள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தடுக்கவில்லை. ஊரிலும் கூட்டத்துக்கு முந்தைய நாள்கள் அப்படித்தான் போகும்.

அடுத்தடுத்து இரண்டு பாடவேளை வாங்கியிருந்தேன். தலைவராக அட்டை எடுத்த பையன் கூட்டம் தொடங்கியதும் சாலைத் தீர்மானத்தை வாசித்தான். "எல்லாருக்கும் சம்மதம்தானே? கையைத் தூக்குங்க" என்றான். கீழூர்ப் பக்கம் கைகள் எழ ஆரம்பித்தன. மேலூர் அட்டை வைத்திருந்த ஒரு பெண், வகுப்பில் பொதுவாக வாயே திறக்காதவள், எழுந்து நின்றாள். அவளுக்கு ஆத்திரம். ஆனால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஓவர்சியர் பக்கம் திரும்பினாள்.

"ஓவர்சியர் சார், பாலத்தை மட்டும் போட்டா எவ்வளவு ஆகும்?"

"மூணு லட்சம்."

"அதை ஏன் முதல்லயே சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

வகுப்பு ஒரு கணம் அடங்கிவிட்டது. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓவர்சியரைச் சூழ்ந்துகொண்டார்கள். விளக்கை இரண்டாகக் குறைத்தால் எவ்வளவு, தொட்டியைக் கீழே வைத்தால் எவ்வளவு, மோட்டாருக்குக் கரண்ட் பில் யார் கட்டுவது என்று கேள்விகள். கடைசிக் கேள்வி என் அட்டையில் இல்லாதது. "அது ஊராட்சிக் கணக்கில்" என்று ஓவர்சியரே சமாளித்துக்கொண்டான்.

பத்து நிமிடத்தில் ஒரு திருத்தம் உருவானது. சிறுபாலம் 3 லட்சம், பாதி வழித் தொட்டி 3.5 லட்சம், விளக்கு 1.5 லட்சம். கூட்டினால் சரியாக 8. கரும்பலகையில் அதை எழுதிக் காட்டிய பையனுக்கு எல்லாரும் கைதட்டினார்கள். நாடகமாக இருந்திருந்தால் திரை விழ வேண்டிய இடம் அதுதான்.

ஆனால் அங்கேதான் உண்மையான சண்டை தொடங்கியது. "பாலம் மட்டும் போட்டு என்ன பண்றது? பாலத்தைத் தாண்டினா சேறு அப்படியேதானே இருக்கும்" என்றான் பிக்கப் அட்டைக்காரன். மேலூரிலேயே ஒருத்தி எழுந்து, "பாதி வழியில தொட்டி வச்சா பாதி வழி நாங்க இன்னும் ஏறணும். இதுக்கு ஒத்துக்கிட்டா அடுத்த அஞ்சு வருஷத்துக்கு 'உங்களுக்குத்தான் தொட்டி கொடுத்தாச்சே'ன்னு சொல்லிடுவாங்க" என்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை சொன்னது இது. அரைகுறையாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டால் முழுசாகக் கேட்கும் உரிமை போய்விடுமோ என்ற பயம் நம் ஊர்க் கூட்டங்களில் எவ்வளவு பழையது என்று உங்களுக்குத் தெரியும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாக்கெடுப்பில் கைதூக்கலை ஏற்க முடியாது, எண்ணிக்கை தப்பு என்று நான்கைந்து பேர் சத்தம் போட்டார்கள். மூன்று பேர் கேட்டால் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று எண்ண வேண்டும் என்று விதி இருந்தது. பிரிந்து நின்றார்கள். திருத்தத்துக்கு 17, எதிராக 14. தீர்மானம் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் கீழூர்க்காரர்களும் இருந்தார்கள், எதிர்த்தவர்களில் மேலூர்க்காரர்களும் இருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

கூட்டம் சரியாக நடந்ததா என்று பார்க்க என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோலையும் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பு முடிந்ததும் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கீழூர் முழுக்க ஒரு பக்கம், மேலூர் முழுக்க மறுபக்கம் என்று அச்சுப் பிசகாமல் நின்றால், யாரும் யாரையும் கேட்கவில்லை என்று பொருள். அட்டைக்கும் வாக்குக்கும் சம்பந்தமே இல்லாமல் பெஞ்சு பெஞ்சாக நின்றால், நண்பனைப் பார்த்துக் கை தூக்கியிருக்கிறார்கள், அட்டையைப் படிக்கவே இல்லை. ஐந்தாறு பேர் பக்கம் மாறி நின்று, ஏன் மாறினேன் என்று அடுத்தவர் சொன்ன ஒரு காரணத்தைச் சுட்டிச் சொல்ல முடிந்தால் கூட்டம் நடந்திருக்கிறது. பெஞ்சு வாக்கு அடிக்கடி வரும். அட்டை எடுத்த கையோடு, வகுப்பில் வழக்கமாக உட்காரும் இடத்தை மாற்றிக் குக்கிராமம் வாரியாக உட்கார வைத்தால் பாதி சரியாகிவிடும்.

பேசுகிறவர்களே பேசுவது இன்னொரு சிக்கல். எல்லா வகுப்பிலும் நாலு பையன்கள் இருப்பார்கள், அவர்கள் ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு இடமே இருக்காது. அதற்கு ஆளுக்கு மூன்று காப்பிக்கொட்டை கொடுக்கிறேன். ஒரு முறை பேச ஒரு கொட்டையைத் தலைவரின் மேசையில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தால் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முதல் கால் மணி நேரத்தில் அந்த நாலு பேரும் கையைக் காலி செய்துவிடுவார்கள். அதன் பிறகு கூட்டத்தின் முகமே மாறிவிடும். ஊரில் இப்படி ஒரு விதி இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், வெளியே போய் உண்மையான கூட்டத்தைப் பார்க்கும்போது குழம்பிப்போவார்கள்.

செயலர்கள் ஏன் இரண்டு பேர் என்று யோசித்திருப்பீர்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாக நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். மறுநாள் இரண்டையும் வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்கிறேன். அன்றைக்கு ஒரு குறிப்பில், "மேலூர் குடிநீர், கீழூர் சிறுபாலம், விளக்கு ஆகியவை குறித்து விவாதிக்கப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று இருந்தது. எழுதியவன் பொய் சொல்ல நினைத்தவன் இல்லை. தீர்மானம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று எங்கோ பார்த்துவைத்திருக்கிறான். மற்றொரு குறிப்பில் தொகை இருந்தது, தொட்டி வைக்கும் இடம் இருந்தது, 17-க்கு 14 என்ற எண்ணிக்கை இருந்தது. "மேலூர் உச்சி வரை குழாய் வேண்டும் என்ற கோரிக்கை நிலுவையில் உள்ளது என மேலூர் உறுப்பினர்கள் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டனர்" என்றும் இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலூர்க்காரருக்கு நாளைக்கு எந்தக் காகிதம் உதவும் என்று மட்டும் கேட்டேன். முதல் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றியத்தில் போய் நின்றால், நீங்களும்தானே ஒத்துக்கொண்டீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர்களே சொன்னார்கள். தோற்ற 14 பேரின் காரணம் பதிவேட்டில் இருந்தால்தான் அடுத்த கூட்டத்தில் அதைப் பிடித்துப் பேச முடியும். உள்ளாட்சிப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த மணி நேரம் இதுதான், கூட்டத்தைவிடவும்.

கையெழுத்து விஷயமும் அப்போது வந்தது. ஒரு செயலர் கூட்டம் தொடங்கும் முன்பே வெற்றுப் பக்கத்தில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தான், வருகைப்பதிவு என்று சொல்லி. ஒரு பெண் மட்டும் போடவில்லை. "மேல என்ன எழுதுவீங்கன்னு தெரியாம எப்படிப் போடறது?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் வருகைக்கு ஒரு தாள், தீர்மானத்துக்கு வேறு தாள். தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே அதில் கையெழுத்து.

கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கோரம் விதியையும் கட்டாயம் வையுங்கள். சட்டப்படி அதற்குக் குறைவெண் வரம்பு என்று பெயர், ஊராட்சியின் மக்கள்தொகைக்கு ஏற்றபடி மாறும்: 500 பேர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வகுப்பில் 31-க்கு 20 என்று வைத்திருந்தேன். இன்னொரு பிரிவில் நடந்த சபையில், தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் 12 பேர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். "இப்ப எண்ணுங்க, 19 பேர்தான். கூட்டம் செல்லாது" என்றார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. விதியைப் படித்திருக்கிறார்கள். கூட்டத்தை ஒத்திவைத்தோம். மறுநாள், வெளிநடப்பு நியாயமா என்பதே முதல் பொருள். வராந்தாவுக்குப் போனவர்களில் ஒருத்தியே, "நாங்க வெளிய போனதால எங்க பேச்சும் குறிப்புல வரல" என்று சொன்னாள்.

எதிலும் நான் தலையிடுவதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். "டீச்சர், நீங்களே சொல்லுங்க, எது சரி?" என்று கட்டாயம் கேட்பார்கள். அட்டை இல்லாதவருக்குச் சபையில் பேச்சு இல்லை என்று சொல்லிவிடுகிறேன். யாராவது அடுத்தவரின் சாதியையோ வீட்டையோ இழுத்தால் மட்டும் எழுந்து நிறுத்துவேன். கூட்டம் முடிந்ததும் எல்லாரும் அட்டையைக் குடத்தில் திரும்பப் போட வேண்டும். போட்ட பிறகு பேசுவது அவரவர் சொந்தப் பெயரில். கீழூர்க்காரனாகக் கத்தியவன் சொந்தப் பெயரில் பேசும்போது, "எனக்கு முதல்லேர்ந்தே தண்ணிதான் சரின்னு பட்டுச்சு" என்று சொல்வதும் உண்டு. இதை விட்டுவிட்டால் வகுப்புச் சண்டை பேருந்து வரைக்கும் போகும்.

இந்தப் பாடத்தால் முடியாததும் உண்டு. நம் வகுப்பில் தலைவருக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. ஒப்பந்தக்காரர் கிடையாது. எதிர்த்துப் பேசினால் நாளைக்கு நூறு நாள் வேலையில் பெயர் வருமோ வராதோ என்ற பயம் கிடையாது. அதனால்தான் உண்மையான சபையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்கிறேன். 18 வயது ஆகாததால் அவர்கள் உறுப்பினர்கள் அல்ல. ஓரமாக நின்று கவனிக்கலாம். நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடுகிறது. நமக்கு வசதியானது ஆகஸ்ட் 15. காலையில் பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும் வீட்டுப் பெரியவர்களோடு போய்விடலாம். மாதிரி சபையை ஆகஸ்ட் முதல் வாரத்தில் வைத்தால் சூடு ஆறுவதற்குள் போய்ப் பார்ப்பார்கள். ஒரே ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன்: பேசியவர்களில் எத்தனை பேர் பெண்கள், ஏதாவது ஒரு தீர்மானம் பேச்சுக்குப் பிறகு மாறியதா என்று கவனித்து வர வேண்டும்.

சேலத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. தலைவர் இல்லாத சபையில் யாரிடம் கேள்வி கேட்பது என்று ஒரு பிள்ளை கேட்டால் அதையே ஒரு வகுப்பாக நடத்துங்கள்.

கல்வி அலுவலர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். இதற்கு அடுத்தடுத்து இரண்டு பாடவேளையும், மறுநாள் ஒன்றும் தேவை. கால அட்டவணையை ஒரு நாளைக்கு மாற்றிக்கொள்ளத் தலைமையாசிரியர்களுக்குத் தாராளமாக அனுமதி கொடுங்கள். நாற்பது நிமிடத்துக்குள் அடக்கச் சொன்னால் வசனம்தான் வரும். அடுத்தது, இதைப் போட்டியாக்காதீர்கள். வட்டார அளவில் சிறந்த மாதிரி கிராம சபை என்று பரிசு வைத்தால் ஒத்திகை தொடங்கிவிடும், ஒத்திகை பார்த்த சபையில் யாரும் மனம் மாற மாட்டார்கள். அப்புறம், போட்டோவுக்குப் பதிலாகப் பிள்ளைகள் எழுதிய அந்த இரண்டு நடவடிக்கைக் குறிப்புகளைக் கேளுங்கள். எல்லாம் ஏகமனதாக என்று இருந்தால், ஏன் என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். ஆய்வு நாளில் சபை நடந்துகொண்டிருந்தால் பற்றாளருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லி உட்காருங்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை என்று எழுதிவிட வேண்டாம்.

சமவெளியில் இருக்கும் ஆசிரியர்களுக்குக் காட்டெருமையும் சுனையும் ஒத்துவராது. ஆத்தூர்ப் பக்கம் என்றால் மரவள்ளியும் சேகோ ஆலைக் கழிவுநீரும் இருக்கின்றன: ஆலையில் கூலி வாங்குகிறவருக்கும், அதே கழிவுநீரால் கிணறு கெட்டவருக்கும் ஒரே வீட்டில் அட்டை எழுதலாம். தாரமங்கலம் பக்கம் விசைத்தறியின் சத்தமும் தெருவில் பாவு ஓட்டும் இடமும் போதும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விஷயமாக எடுங்கள். குடி, குப்பை மாதிரி ஒரே பக்கம் நியாயம் உள்ளதை எடுத்தால் பேச ஒன்றும் இருக்காது, மறுபடி பிரச்சாரமாகிவிடும்.

என் அட்டைகளைப் படியெடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஓவர்சியர் அட்டையை மட்டும் அப்படியே பயன்படுத்தாமல், உங்கள் ஊராட்சிச் செயலரிடம் உட்கார்ந்து உங்கள் பகுதியின் வேலைகளையும் தொகைகளையும் கேட்டு, புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியை